காசியில் எடுத்த 22 விநாடிப் பதிவு: இது என்ன கருவி?

மழைத்துளி:
போன மாதம் அப்பாவுக்குத் திதி கொடுக்கக் காசிக்குப் போயிருந்தோம். அஸ்ஸி படித்துறைக்குப் பக்கத்துச் சந்தில் ராத்திரி எட்டு மணி இருக்கும், மாடி வீட்டில் யாரோ சாதகம் செய்துகொண்டிருந்தார்கள். அப்படியே நின்றுவிட்டேன். வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் கேட்டேன், கருவியின் பெயரைச் சொன்னார். ஊர் திரும்புவதற்குள் மறந்துவிட்டது. "ச"வில் தொடங்கும் பெயர் என்று ஒரு நினைப்பு, அதையும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

கைபேசியில் எடுத்த 22 விநாடிதான் இருக்கிறது. சிதார், சரோட், சந்தூர், ஊத் நான்கையும் தேடிக் கேட்டேன். ஒவ்வொன்றையும் கேட்கும்போது இதுதான் என்று தோன்றுகிறது. எப்படிப் பிரித்தறிவது? பெயர் தெரிந்தால்தான் அதை வாசிப்பவர்களைத் தேடிக் கேட்க முடியும். பதிவை இணைத்திருக்கிறேன்.

குயில்மொழி:
சிதார்தாங்க. நாலாவது விநாடியில ஒரு சுரத்துல இருந்து இன்னொண்ணுக்கு வழுக்கிட்டுப் போகுது பாருங்க, வீணையில கம்பிய இழுக்கிற மாதிரியே. சந்தூர்ல அது நடக்கவே நடக்காது. அது குச்சியால தட்டுற கருவி, நம்ம ஜலதரங்கம் மாதிரி. தட்டினா அந்தச் சுரம் அப்படியே நிக்கும், வளையாது.

மஸ்கட்வாசி:
எனக்கும் இதே பிரச்சினைதான் அண்ணே. பக்கத்து அறையில ஒரு எகிப்துக்காரர் வாசிக்கிறார். நான் இத்தனை நாள் சிதார்னு நினைச்சேன். ஒரே சுரத்த படபடன்னு அடிச்சுட்டே இருப்பார். நானும் ஒரு பதிவு போட்டிருக்கேன், அது என்னன்னு சொல்லுங்க.

தந்திவடம்:
இரண்டு பதிவையும் கேட்டேன். முதலில் மழைத்துளி அவர்களுடையது.

சந்தூரை விலக்கியது சரி. ஆனால் ஒரு எச்சரிக்கை. காஷ்மீரத்துச் சந்தூரை ராக இசைக்குக் கொண்டுவந்த சிவகுமார் சர்மா போன்றவர்கள், குச்சியைக் கம்பிகள்மேல் மெல்ல உருளவிட்டுச் சுரங்களை இணைப்பார்கள். அவசரமாகக் கேட்டால் அது வழுக்குவதுபோலவே இருக்கும். Audacity-யில் பதிவைத் திறந்து, Change Tempo மூலம் வேகத்தைக் கால் பங்காகக் குறையுங்கள், சுருதி மாறாது. சந்தூராக இருந்தால் அந்த வழுக்கல் மணல்மணலாக உதிர்ந்து, தனித்தனித் தட்டல்களாகக் கேட்கும். உங்கள் நாலாவது விநாடி உதிரவில்லை, ஒரே கோடாக ஏறுகிறது.

ஆனால் வழுக்குவதால் மட்டும் சிதார் ஆகிவிடாது. சிதாரின் கழுத்தில் வீணையைப் போலக் குறுக்கே பதித்த மெட்டுகள் உண்டு. மெட்டின்மேல் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துத்தான் சுரம் ஏறும். இழுத்து முடித்த பிறகும் ஒலி நீண்டுகொண்டே இருக்கும். சரோடில் மெட்டே கிடையாது, விரல்பலகை வழவழப்பான இரும்புத் தகடு. நகமோ விரல்நுனியோ கம்பியின் நீளவாக்கில் நழுவும். கம்பியைத் தாங்கும் குதிரை ஆட்டுத்தோலின்மேல் உட்கார்ந்திருப்பதால் ஒலி சீக்கிரம் வற்றிவிடும். வழுக்கல் போய்ச் சேரும் இடத்தில் பாதி பலம்கூட இருக்காது. தேங்காய்ச் சிரட்டையில் செய்த மீட்டி தோல்மேல் நிற்கும் கம்பியை அடிக்கும்போது, சுரத்தின் தலையில் "டொக்" என்று ஒரு சிறு தட்டல் விழும்.

இரண்டு விஷயம் கேட்டுச் சொல்லுங்கள். அந்த "டொக்" இருக்கிறதா? வழுக்கலின் முடிவு பலமாக இருக்கிறதா, தேய்கிறதா? கைபேசி ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். அது கீழ்ச் சுரங்களைத் தின்றுவிடும், எல்லாக் கருவியும் சிதார் மாதிரி ஆகிவிடும். காதில் மாட்டிக் கேளுங்கள்.

குயில்மொழி:
சிதார்னா அந்த "ஸ்ஸீங்"னு ஒரு இரைச்சல் வரணுமே. அத வெச்சே கண்டுபிடிச்சிடலாமே?

தந்திவடம்:
அந்த இரைச்சல் குதிரையின் மேற்பரப்பு தட்டையாக இருப்பதால் வருவது, ஜவாரி என்பார்கள். ரவிசங்கரின் சிதாரில் நன்றாகக் கேட்கும். ஆனால் விலாயத் கான் போன்றவர்கள் ஜவாரியை மூடி வைத்துக்கொண்டவர்கள், அவர்களிடம் இரைச்சல் குறைவு. அதனால் இரைச்சல் இருந்தால் பெரும்பாலும் சிதார் எனலாம், இல்லாவிட்டால் சிதார் இல்லை என்று சொல்ல முடியாது. நானே இதில் ஒருமுறை தப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

மழைத்துளி:
காதில் மாட்டி, வேகத்தைப் பாதியாக்கிக் கேட்டேன். நாலாவது விநாடியில் சுரம் பிறக்கும் இடத்தில் மரக்கதவைச் சுண்டியதுபோல ஒன்று கேட்கிறது. இதுவரை அது தெருச்சத்தம் என்றே நினைத்திருந்தேன். ஆனால் ஒவ்வொரு மீட்டலிலும் இருக்கிறது! வழுக்கல் மேலே போகப்போகத் தேய்கிறது. கடைசிச் சுரத்தை அவர் திரும்ப ஒருமுறை மீட்டுகிறார்.

ஆனால் சுரம் அடங்கிய பிறகும் பின்னால் மினுமினுவென்று ஏதோ தங்குகிறது. சீக்கிரம் வற்றும் என்றீர்களே?

தந்திவடம்:
நல்ல காது உங்களுக்கு. அது தரப் கம்பிகள். அடியில் படுத்திருக்கும் மெல்லிய கம்பிகள், யாரும் தொடாமலே, சுருதி ஒத்த சுரம் கேட்டால் தாமாக அதிரும். சிதாரிலும் உண்டு, சரோடிலும் உண்டு. ஊத்தில் கிடையாது.

ஆனால் சந்தின் எதிரொலியும் அப்படித் தங்கும். அதைச் சோதிக்க உங்கள் பதிவிலேயே வழி இருக்கிறது. 0:09-இல் ஒரு நாய் குரைக்கிறது. எதிரொலி என்றால் குரைப்புக்கும் வால் இருக்க வேண்டும். அது வெட்டியதுபோல நிற்கிறது. சுரங்களுக்கு மட்டும்தான் வால். ஆக, தரப் கம்பிதான்.

மஸ்கட் தம்பி, உங்கள் பதிவில் சுரம் முடிந்ததும் ஒன்றுமே இல்லை, சுத்த மௌனம். ஒலியில் உலோகப் பளபளப்பும் இல்லை, மரப்பெட்டிக்குள் பேசுவதுபோலக் கதகதப்பாக இருக்கிறது. நைலான் கம்பிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஒலிப்பதும் கேட்கிறது. ஊத்தாகத்தான் இருக்க வேண்டும். ஈராக்கின் முனீர் பஷீர் வாசித்ததைக் கேட்டு ஒப்பிடுங்கள்.

மஸ்கட்வாசி:
அவர்கிட்டயே கேட்டுட்டேன் அண்ணே, "அல்-ஊத்"னார்! உள்ள கூப்பிட்டுக் காட்டினார், பேரிக்காய நெடுக்க வெட்டின மாதிரி இருக்கு. கழுத்துல மெட்டே இல்ல.

திண்ணை:
ஒரு சந்தேகம். ஆப்கானிய ரபாபிலும் தோல் உண்டு, தரப் கம்பியும் உண்டு. மழைத்துளி கேட்டது அதுவாக இருந்தால்?

தந்திவடம்:
நியாயமான கேள்வி. சரோடுக்கு ரபாபை முன்னோடியாகச் சொல்வார்கள். ஆனால் ரபாபின் கழுத்தில் மேல்பகுதியில் மெட்டு உண்டு, அதன் முக்கியக் கம்பிகள் உலோகமும் அல்ல, நாலாவது விநாடியில் வருவதுபோல நீண்ட வழுக்கலை அதில் நான் கேட்டதில்லை. அதனால் சரோட் பக்கம்தான் சாய்கிறேன். ஒரே இடம்தான் எனக்கு நெருடுகிறது: 0:17 முதல் 0:20 வரை மோட்டார் சைக்கிள் ஒன்று மேலே விழுந்துவிட்டது. ஆழமான கீழ்க்கம்பி அங்கேதான் வருகிறது. அது தெளிவாக இருந்திருந்தால் இன்னும் உறுதியாகச் சொல்லியிருப்பேன்.

நீங்களே தீர்த்துக்கொள்ள ஒரு வழி. ரவிசங்கரும் அலி அக்பர் கானும் சேர்ந்து வாசித்த ஜுகல்பந்திகள் இருக்கின்றன. இருவரும் மைஹரில் அலாவுதீன் கானிடம் கற்றவர்கள், பாணி ஒன்று, கருவிதான் வேறு. ஒருவர் வாசித்த சொற்றொடரை மற்றவர் வாங்கி வாசிக்கும்போது சிதாரும் சரோடும் அடுத்தடுத்து நிற்கும்.

மழைத்துளி:
ஒன்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டாவதாக வருபவரிடம்தான் அந்தக் கதவைச் சுண்டும் ஒலி இருக்கிறது. சரோட்... ஆமாம், பெரியவர் "சரோத்" என்று கடைசியில் "த்" போட்டுத்தான் சொன்னார், இப்போது வாயில் வருகிறது. ஆனால் நீங்கள் சொன்ன பெயரைப் படித்த பிறகுதான் வருகிறது என்பதால் அதைச் சாட்சியாக எடுக்காதீர்கள். மோட்டார் சைக்கிள் விழுந்த மூன்று விநாடியை யாராவது சுத்தம் செய்து தர முடியுமா?