ஒரு 'எ' விட்டுப்போன மெயில்

பூவரசு:
எங்கள் டீமில் நடந்ததைச் சொல்கிறேன். டிசைன் டாக்குமெண்டைப் படித்த ஒரு தம்பி, சில சந்தேகங்கள் இருக்கின்றன, கால் போட்டுப் பேசலாம் என்ற அர்த்தத்தில் லண்டன் கிளையண்டுக்கு "வி ஹேவ் ஃபியூ டவுட்ஸ் அபௌட் தி டிசைன்" என்று மட்டும் எழுதி அனுப்பினான். "ரொம்ப சந்தோஷம், வேலையைத் தொடங்கிவிடுங்கள்" என்று பதில் வந்துவிட்டது. கால் நடக்கவே இல்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

சேலம் கார்த்தி:
எண்ண முடிந்தால் ஃபியூ, முடியாவிட்டால் லிட்டில், அவ்வளவுதானே? சந்தேகத்தை எண்ணலாம், அதனால் தம்பி எழுதியது சரி. கிளையண்ட்தான் அவசரத்தில் படித்திருக்கிறார்.

தேன்மொழி டீச்சர்:
கார்த்தி, எண்ணுவது பற்றி நீங்கள் சொன்னது சரி, ஆனால் பிரச்சினை அங்கே இல்லை. 'எ ஃபியூ' என்றால் சில இருக்கின்றன, 'எ' இல்லாத ஃபியூ என்றால் இல்லை என்றே சொல்லிவிடலாம், அவ்வளவு குறைவு. லிட்டிலும் அப்படித்தான்: 'வி ஹேவ் எ லிட்டில் டைம்' என்றால் ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம், 'வி ஹேவ் லிட்டில் டைம்' என்றால் உடனே கிளம்ப வேண்டும். நான் பிள்ளைகளிடம் அந்த இடத்தில் 'நாட் மெனி' அல்லது 'நாட் மச்' போட்டுப் படிக்கச் சொல்வேன், அர்த்தம் மாறவில்லை என்றால் 'எ' வேண்டாம், மாறினால் கட்டாயம் வேண்டும். பேச்சில் வெறும் ஃபியூவை ஆங்கிலேயர்களே அதிகம் சொல்வதில்லை, 'நாட் மெனி' என்றுதான் சொல்வார்கள். அப்புறம், டவுட்ஸ் என்றால் அங்கே நம்பிக்கைக் குறைவு என்றும் படும். அதனால் அந்த மெயிலை 'இந்த டிசைனில் எங்களுக்குத் தயக்கமே இல்லை' என்று அவர் படித்ததில் தப்பே இல்லை. 'எ ஃபியூ கொஸ்டியன்ஸ்' என்று எழுதியிருக்கலாம்.

நைட் ஷிஃப்ட்:
டீச்சர், எனக்கு வேறு பிரச்சினை. அப்ரைசலில் 'ஐ ஹேவ் மச் ஒர்க்' என்று எழுதியதை மேனேஜர் அடித்துவிட்டார். ஒர்க்கை எண்ண முடியாது, அப்போது மச் சரிதானே?

தேன்மொழி டீச்சர்:
மச்சுக்குப் பின்னால் வரும் சொல்லை மட்டும் பார்த்தால் போதாது தம்பி, வாக்கியத்தையும் பார்க்க வேண்டும். 'ஐ டோன்ட் ஹேவ் மச் ஒர்க்', 'டு யூ ஹேவ் மச் ஒர்க்' இரண்டும் இயல்பு. இருக்கிறது என்று சொல்லும்போது 'எ லாட் ஆஃப் ஒர்க்'தான் காதுக்குப் பொருந்தும். முன்னால் டூ, சோ சேர்ந்தால் மச் தாராளமாக வரும். மெனிக்கு எழுத்தில் இவ்வளவு கெடுபிடி கிடையாது, 'மெனி பீப்பிள் திங்க்' நன்றாகவே இருக்கும்.

பூவரசு:
'குவைட் எ ஃபியூ' என்றால் கொஞ்சம்தானே?

தேன்மொழி டீச்சர்:
இல்லை, நிறைய! 'ஒன்லி எ ஃபியூ' என்றால்தான் கொஞ்சம்.

சேலம் கார்த்தி:
சரி, 'எ' விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'மச் ரிசர்ச் ஹேஸ் பீன் டன்' என்று கட்டுரைகளில் பார்த்திருக்கிறேனே, அதுவும் இருக்கிறது என்று சொல்லும் வாக்கியம்தான். பிறகு எப்படி மேனேஜர் அடிக்கலாம்?

தேன்மொழி டீச்சர்:
கட்டுரையில், அதுவும் வாக்கியத்தின் தொடக்கத்தில், அது நன்றாகவே நிற்கும். 'ஐ ஹேவ் மச் ஒர்க்' இலக்கணப் பிழை இல்லை, இன்று யாரும் அப்படிச் சொல்வதில்லை, அவ்வளவுதான். நான் மார்க் குறைக்க மாட்டேன், பக்கத்து வகுப்பு டீச்சர் குறைப்பார். எங்களுக்குள்ளேயே இதில் ஒத்துப்போகவில்லை.