சென்ட்ராய்டுக்கு ‘நடுக்கோட்டு மையம்’ பொருந்துமா?

காட்பாடி, ஆசிரியை:
வணக்கம். கேமரா பார்த்துக் கோட்டைப் பின்தொடரும் வண்டி பற்றி மாணவர்களுக்குத் தமிழில் கையேடு எழுதுகிறேன். படத்தின் அடியில் ஒரு பட்டையை எடுத்து, இருண்ட புள்ளிகளை மட்டும் பிரித்து, அவற்றின் சென்ட்ராய்டு நடுவிலிருந்து விலகும் அளவுக்கு வண்டியைத் திருப்புகிறோம். கணக்குப் புத்தகத்தில் இருக்கும் ‘நடுக்கோட்டு மையம்’ என்பதையே இதற்கும் வைக்கலாமா?

வேலூர், மாணவர்:
அது முக்கோணத்துக்கான சொல் மேடம், இங்கே ஏது நடுக்கோடு? ‘கோட்டுநடு’ என்று வைப்போம். பட்டையின் அகலம் 160 புள்ளி, கோடு 90 முதல் 109 வரை என்றால் சென்ட்ராய்டு 99.5. படத்தின் நடு 79.5. ஆக 20 புள்ளி வலப்பக்கம் விலகல். கோட்டின் நடுதானே அது?

ஆற்காடு, பொறியாளர்:
ஒற்றைக் கோடு என்றால் சரி, தம்பி. கோடு இரண்டாகப் பிரியும் இடத்தில் பாருங்கள். ஒரு கிளை 30–49, இன்னொன்று 110–129. இரண்டும் சேர்ந்த சென்ட்ராய்டு 79.5. அங்கே இருப்பது வெறும் தரை. விலகல் பூஜ்யம் என்று கணக்கு சொல்ல, வண்டி இரண்டு கிளைக்கும் நடுவே நேராகப் போய்விடும். கோட்டில் இல்லாத இடத்தைக் ‘கோட்டுநடு’ என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் பிழையை எங்கே தேடுவார்கள்? நடப்பது சராசரி எடுக்கும் வேலை. ‘சராசரிப் புள்ளி’ என்றே சொல்லலாம்.

சந்தியைக் கண்டுபிடிக்கக் கறுப்புப் புள்ளிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். பட்டை 40 வரிசை உயரம் என்றால் ஒற்றைக் கோட்டுக்கு 800, இந்தப் பிரிவில் 1600. எண்ணிக்கை ஏறியதும் கிளைகளைத் தனித்தனியாகப் பிரித்து, போக வேண்டிய கிளைக்கு மட்டும் சராசரி எடுக்க வேண்டும்.

ராணிப்பேட்டை, தோல் கிடங்கு:
எங்கள் தள்ளுவண்டியிலும் இதே தொல்லைதான். கோடு அழிந்த இடத்தில் நிற்காமல் நிழலைப் பிடித்துக்கொண்டு போகிறது. கறுப்பு-வெள்ளை எல்லையை ஒட்சு முறை தானாக எடுத்துக்கொள்கிறது. அதற்கு என்ன சொல் வைக்கலாம்?

ஆற்காடு, பொறியாளர்:
அண்ணே, சொல்லுக்கு முன்னால் அந்த முறையைக் கவனியுங்கள். கோடே இல்லாவிட்டாலும் ஒட்சு படத்தை இருண்டது, வெளிறியது என்று இரண்டாகப் பிரித்தே தீரும். அதனால் கோடு தொலைந்தது தெரியாது. உங்கள் கிடங்கின் வெளிச்சம் மாறாது என்றால் நிலையான எல்லையே போதும்.

```
M = cv2.moments(mask, True)
if M["m00"] < 200:
    err = 60 if last > 0 else -60
else:
    err = M["m10"] / M["m00"] - 79.5
    last = err
```

கோடு கடைசியாக எந்தப் பக்கம் விலகியதோ அந்தப் பக்கம் திரும்பித் தேடும். இருண்ட புள்ளிகளின் எண்ணிக்கையான `m00` பூஜ்யமானால் வகுத்தல் முறிந்துபோவதையும் அந்த `if` தடுக்கிறது. ஆனால் கோடு நேராகவே அறுந்திருந்தால் எந்தப் பக்கம் திரும்புவது என்று `last` சொல்லாது. கொஞ்ச நேரம் நேராகப் போய்ப் பார்த்து, கிடைக்காவிட்டால் வண்டியை நிறுத்திவிடுங்கள்.

வேலூர், மாணவர்:
பிரிவில் ‘கோட்டுநடு’ தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சராசரி என்றால் ஒற்றை எண் என்றுதான் எங்களுக்குப் பழக்கம். ‘திரள்மையம்’ எப்படி?

காட்பாடி, ஆசிரியை:
இப்போதைக்குச் ‘சராசரிப் புள்ளி’ என்று எழுதி, பிரியும் கோட்டின் படத்தை அதன் பக்கத்திலேயே போடுகிறேன். ‘திரள்மையம்’ இரண்டு கிளைக்கும் நடுவே விழும் புள்ளியைச் சொல்லுமா என்பதை மற்றவர்களும் பார்த்துச் சொல்லுங்கள்.