கலைச்சொல்: வீட்டு வரைபடத்தில் ‘கிரவுண்டிங்’

ப.: வணக்கம். கையால் வரைந்த வீட்டுப் படத்தைப் பதிவேற்றினால் செயற்கை நுண்ணறிவு எவ்வளவு புரிந்துகொள்கிறது என்பது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். ‘சமையல்’ என்ற எழுத்தைப் படிப்பது எழுத்துணர்தல். அந்தச் சொல் எந்தச் சுவர்களுக்குள் இருக்கிறது, கதவு எந்தப் பக்கம் என்று படத்தோடு பொருத்துவதைக் கிரவுண்டிங் என்கிறார்கள். ‘தரையிணைப்பு’ எனலாமா?

மு.: தரையிணைப்பு என்றால் எலக்ட்ரீஷியன் எர்த் கம்பியைத்தான் நினைப்பார். ‘வரைபடப் புரிதல்’ என்று பொதுவாகப் போடுங்கள். படம் தெளிவாக இருந்தால் எல்லாமே சரியாகத்தானே வரும்?

செ.: தெளிவு எழுத்துக்கு உதவும் என்பது சரி, மு. ஐயா. 4000 படப்புள்ளி நீளப் படத்தைச் சில கருவிகள் 1500 அளவுக்குச் சுருக்கித்தான் பார்க்கின்றன. A4 தாளின் நீளம் 297 மி.மீ.; ஒரு மி.மீ.க்கு ஐந்து புள்ளிதான் மிஞ்சும். பென்சிலில் லேசாகப் போட்ட அடிக்குறி அதில் கரைந்து, 10'6" என்பது 106 ஆகிவிடும். இதைக் கூட்டிப் பார்த்தே பிடிக்கலாம். 10'6", 9'6" என இரண்டு அறை, 9 அங்குலச் சுவர் மூன்று: மொத்தம் 22'3". படத்தில் உள்ள வெளி அளவோடு ஒத்துப்போகாவிட்டால் எண்ணைத் தவறாக வாசித்திருக்கக்கூடும். அறை அறையாக வெட்டிக் கொடுத்தால் இது பெரும்பாலும் தீரும்.

கதவு விஷயம் தெளிவால் மட்டும் தீராது. குளியலறைக்கு வழி சமையலறையிலிருந்து மட்டும் இருக்கும்படி ஒரு படம் வரைந்து, “குளியலறைக் கதவு எங்கே திறக்கிறது?” என்று கேளுங்கள். “படுக்கையறைக்குள்” என்று பதில் வந்தால், கோட்டைப் பார்க்காமல் வழக்கமான வீட்டை வைத்துச் சொல்கிறது என்று பொருள். வடக்கு அம்பைக் கீழ்நோக்கிப் போட்டாலும் மேல்பக்கமே வடக்கு என்று சொல்லக்கூடும். அறைப் பெயர்களையெல்லாம் பிழையில்லாமல் படித்த பிறகும் இது நடக்கும். அதனால் இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் கையேட்டைப் படிப்பவர் ஏமாறுவார். ‘இடம்பொருத்தல்’ என் பரிந்துரை.

க.: எங்கள் மனைப் படத்தை ஆட்டோகேட் கோடாக மாற்றும் வேலையும் இதுதானா? எனக்குச் சுவரெல்லாம் கோணலாக வருகிறது.

செ.: அது வேறு வேலை, க. அம்மா. அதற்குக் ‘கோடாக்கம்’ எனலாம். படம் சாய்வாக எடுத்ததாக இருக்கும். தாளின் நான்கு மூலையும் தெரிய, நேர்மேலிருந்து எடுத்துப் பாருங்கள்.

மு.: கதவுச் சோதனையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘பொருத்தல்’ என்றால் குழாய் பொருத்துவது போல ஒலிக்கிறது. ‘இடப்பிணைப்பு’ நன்றாக இல்லையா?

செ.: பிணைப்பு என்றால் சரியாகவே இணைந்துவிட்டது போலிருக்கிறது. ‘தவறான இடம்பொருத்தல்’ என்று எழுதலாம்; ‘தவறான இடப்பிணைப்பு’ சற்று இடறுகிறது.

ப.: வரைவில் இப்போதைக்கு ‘இடம்பொருத்தல்’ என்று போட்டு, மு. ஐயாவின் சொல்லை அடைப்பில் வைக்கிறேன். கதவுச் சோதனையையும் சேர்க்கிறேன். கீல் கதவு திறக்கும் வளைகோட்டுக்கு யாரிடமாவது சொல் இருக்கிறதா?