ஸ்லைடர் ஷாட்டில் வெளியேற்ற முடியாத கார்: க்ளீன் பிளேட் எப்படி எடுப்பது?

தெருக்கோடி:
காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் குறும்படம் எடுக்கிறோம். கதை 1960களில் நடக்கிறது. ஒரு ஷாட்டில் கேமரா ஸ்லைடரில் மூன்றடி நகரும், லென்ஸ் 24 எம்எம். எதிரே திண்ணையும் மரத்தூண்களும் உள்ள பழைய வீடு. திண்ணையை ஒட்டி பக்கத்து வீட்டுக்காரரின் கார் நிற்கிறது. தெருமுனையில் குழாய்க்குத் தோண்டிப் போட்டிருப்பதால் வெளியே எடுக்க வழியில்லை. அதனால் கார் இல்லாத அதே காட்சியை, அதாவது க்ளீன் பிளேட்டை, தனியாக எடுத்துக் கார் மேல் ஒட்டி அதை மறைக்க வேண்டும். சோதனைக்கு, ஐந்தடி தள்ளி நின்று காருக்குப் பின்னால் தெரிந்ததை ஸ்டில்லாக எடுத்து, ஆப்டர் எஃபெக்ட்ஸில் ஒட்டிப் பார்த்தேன். சுவர் பொருந்திவிட்டது. தூண்கள் மட்டும் கேமரா நகர நகர வழுக்குகின்றன. ஞாயிறு காலை ஷூட். என்ன செய்யலாம்?

கல்யாண கேமரா:
இது ரொம்ப சுலபம். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் ஒரு ஜோடியை எடுத்தபோது பின்னால் ஒரே கூட்டம். கேமராவை அசைக்காமல் இருபது படம் எடுத்து, போட்டோஷாப்பில் `File > Scripts > Statistics` போய் `Median` கொடுத்தேன். ஆட்கள் எல்லாம் மாயம்.

பிளேட் பொறுக்கி:
அது நடமாடும் கூட்டத்துக்கு. ஒரு இடம் பாதிக்கு மேற்பட்ட படங்களில் காலியாகத் தெரிந்தால்தான் மீடியன் அதை எடுத்துக்கொள்ளும். இங்கே கார் எல்லாப் படத்திலும் அதே இடத்தில் நிற்கிறது, அதனால் காரே பத்திரமாக மிஞ்சும்.

தெருக்கோடி, சுவர் தட்டை. எந்தக் கோணத்தில் எடுத்தாலும் நான்கு மூலையையும் இழுத்துப் பொருத்திவிடலாம். தூண் அப்படியில்லை. தள்ளி நின்று எடுத்தால் அதன் வேறொரு பக்கம் தெரியும், பின்னால் மறைகிற சுவரும் மாறும். அதை எப்படி இழுத்தாலும் உட்காராது. ஆக, பிளேட்டை ஷாட் எடுத்த இடத்திலிருந்தேதான் எடுக்க வேண்டும்.

கார் தெருவை விட்டுப் போக வேண்டியதில்லை. நியூட்ரலில் போட்டு ஒரு கார் நீளத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகத் தள்ள இடம் இருக்கிறதா? இருந்தால் போதும். முதலில் கார் 'அ' இடத்தில் நிற்க டேக். உடனே காரை 'ஆ' இடத்துக்குத் தள்ளி பிளேட். டேக்கில் மறைந்த திண்ணை பிளேட்டில் தெரியும். பிளேட்டில் மறைவது டேக்கிலேயே இருக்கிறது. காரின் நிழலும் முதல் இடத்தை விட்டு விலக வேண்டும், அதற்குத்தான் அந்தக் கூடுதல்.

ஸ்டில்மணி:
எதற்கு வீடியோவில் பிளேட்? ஸ்டில்லாக எடுங்கள். ரெசல்யூஷன் அதிகம், வேலையும் சுத்தம்.

பிளேட் பொறுக்கி:
அசையாத கேமராவுக்கு அது சரிதான். ஆனால் ஸ்டில்லில் நிறமும் லென்ஸ் திருத்தமும் வேறு மாதிரி வரலாம். இங்கே ஸ்லைடரும் நகர்கிறது. கையால் தள்ளுவதால் இரண்டாவது முறை அதே வேகம் வராது. அதனால் காரைத் தள்ளிய பிறகு, மெதுவாக ஒரு முழு ஓட்டம் எடுங்கள். அப்புறம் தண்டவாளத்தில் ஐந்து இடத்தில் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் பத்து விநாடி. ஒவ்வொரு தூணுக்கும் நெருக்கமான கோணம் எப்படியும் ஒன்று கிடைக்கும். அபர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ, ஒயிட் பேலன்ஸ் எதையும் தொடாதீர்கள். ஃபோகஸ் ரிங்கையும்தான். பல லென்ஸ்களில் ஃபோகஸ் மாறினால் படத்தின் அளவே கொஞ்சம் மாறிவிடும்.

ஒரு விஷயம்: நடிகர் காருக்கு முன்னால் நடந்தால் அவரை ஃபிரேம் ஃபிரேமாக வெட்ட வேண்டி வரும். டேக்கின்போது அவர் கடக்காத பக்கத்தில் காரை நிறுத்துங்கள். எடிட் மேஜையில் இரண்டு நாள் மிச்சம்.

தெருக்கோடி:
அருமை அண்ணா. பத்தொன்பது, இருபது அடி தள்ள இடம் இருக்கிறது. பிளேட்டை எல்லா டேக்கும் முடிந்து மொத்தமாக எடுக்கலாமா? காரை முன்னும் பின்னும் தள்ளச் சொன்னால் யூனிட் முணுமுணுக்கும்.

பிளேட் பொறுக்கி:
முணுமுணுக்கட்டும். காலை எட்டு மணி வெயிலில், பத்தடித் தூணின் நிழல் நுனி நான்கு நிமிடத்தில் ஏறக்குறைய முக்கால் அடி நகர்ந்துவிடும். கால் மணி நேரம் போனால் ஒட்டிய இடம் மட்டும் வேறு நேரமாகத் தெரியும். நல்ல டேக் என்று நீங்கள் சொன்னவுடன் கார் நகர வேண்டும்.

தெருக்கோடி:
சரி. இன்னொரு சிக்கல்: திண்ணை மேல் வேப்பமர நிழல் விழுகிறது, காற்றில் ஆடிக்கொண்டே இருக்கிறது.

ஸ்டில்மணி:
பட்டர் கிளாத்தை மேலே கட்டி வெயிலை மிருதுவாக்குங்கள். நிழலே தெரியாது.

பிளேட் பொறுக்கி:
24 எம்எம்மில் அவ்வளவு அகலத்துக்குத் துணி கட்டினால் துணியும் ஃபிரேமில் வரும், அதையும் அழிக்க வேண்டும். நான் நிழலை விட்டுவிட்டு பிளேட்டை ஒவ்வொரு இடத்திலும் அரை நிமிடம் ஓட விடுவேன். ஆடும் நிழல் ஆடும் நிழலோடு ஓரளவு கலந்துவிடும். ஓரத்தில் கோடு தெரியாது என்று மட்டும் சத்தியம் செய்ய மாட்டேன்.

ஸ்டில்மணி:
துணியை வீட்டு ஓட்டுக்கு மேலே, ஃபிரேமுக்கு வெளியே கட்டலாமே. மரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

தெருக்கோடி:
கேமராவுக்குப் பின்னால், இடப்பக்கம். நாளை சாயங்காலம் போய் அளந்து பார்க்கிறேன். காருக்குச் சொந்தக்காரரிடமும் இன்னும் பேசவில்லை.