இயந்திரத்துக்குப் "புரிகிறது" என்று சொல்லலாமா?

வளவனூரான்

மகள் படிக்கும் பள்ளியில் ஒரு கணக்குப் பயிற்சிச் செயலியை வாங்கச் சொல்லிச் சீட்டு கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். "உங்கள் குழந்தை எங்கே தடுமாறுகிறது என்பதை இது புரிந்துகொள்கிறது" என்று அதில் போட்டிருக்கிறது. அந்தச் சொல் எனக்கு உறுத்துகிறது. இது வெறும் பேச்சு வழக்கா, ஆளை மயக்கும் வேலையா?

பழைய தமிழாசிரியர்

வழக்குதான், உறுத்த வேண்டாம். "இந்தப் பாதை திண்டிவனம் போகும்" என்கிறோம்; பாதை இருந்த இடத்திலேயேதான் கிடக்கிறது. அஃறிணைப் பொருள்கள் கேட்பது போலவும் பேசுவது போலவும் நடப்பது போலவும் சொல்லலாம் என்று நன்னூலே இடம் கொடுத்திருக்கிறது. கடிகாரம் ஓடுகிறது, மோட்டார் அடம்பிடிக்கிறது. யார் ஏமாந்தார்கள்? அதோடு நம் மொழியில் வினைமுற்றே காவல் நிற்கிறது. "கணினி யோசிக்கிறது" என்போமே தவிர, "யோசிக்கிறார்" என்று யாரும் சொல்வதில்லை.

எக்ஸ்ரே அறை

ஐயா, பாதை நடக்காது என்பது எல்லாருக்கும் முன்பே தெரியும். அதனால்தான் அங்கே யாரும் ஏமாறுவதில்லை. செயலிக்குள் என்ன நடக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. அவர் கையில் இருக்கிற ஒரே விளக்கம் அந்தச் சொல்தான்.

என் துறையிலிருந்து ஒன்று சொல்கிறேன். படம் எடுக்கும்போது வலப்பக்கம், இடப்பக்கம் தெரிவதற்காக ஓரத்தில் ஈயத்தில் செய்த R அல்லது L எழுத்தை வைப்போம். படத்தில் அது வெள்ளையாக விழும். ஒவ்வொரு மருத்துவமனையிலும் அந்த எழுத்தின் அளவு, வைக்கும் மூலை எல்லாம் கொஞ்சம் வேறுபடும். எங்களுக்கே அது கண்ணில் படாது.

அமெரிக்காவில் மார்பு எக்ஸ்ரேயில் நிமோனியா கண்டுபிடிக்க ஒரு நிரலைப் பழக்கினார்கள். ஆய்வு 2018-இல் வெளிவந்தது. நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனைப் படங்களில் நூற்றுக்கு 34 பேருக்கு நிமோனியா. மத்திய அரசின் தேசியச் சுகாதார நிறுவனத்துப் படங்களில் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். இரண்டையும் கலந்து பழக்கி, அதே இரண்டு இடத்துப் படங்களிலேயே சோதித்தபோது நிரல் பிரமாதமாகச் செய்தது. பழக்கத்தில் சேராத இண்டியானா மருத்துவமனைப் படங்களைக் கொடுத்ததும் சறுக்கியது.

ஏன் என்று தோண்டினார்கள். படம் எந்த மருத்துவமனையில் எடுத்தது என்பதை இந்த மாதிரி நிரலால் ஏறக்குறையத் தவறே இல்லாமல் சொல்ல முடிந்தது. அதற்கு அது பார்த்த இடங்களில் ஒன்று, ஓரத்தில் கிடந்த அந்த உலோகக் குறி. "இது மவுண்ட் சைனாய் படம்" என்று தெரிந்தாலே, நிமோனியா இருக்க மற்ற இடத்தைவிடப் பல மடங்கு வாய்ப்பு என்று கணித்து நல்ல மதிப்பெண் வாங்கிவிடலாமே! நுரையீரலை அது பார்க்கவே இல்லை என்று சொல்ல வரவில்லை. எவ்வளவு பார்த்தது என்பதை மதிப்பெண்ணை வைத்துச் சொல்ல முடியாது.

"நிமோனியாவைக் கற்றுக்கொண்டது" என்று கேட்கிறவர் என்ன நினைப்பார்? ஒரு டாக்டர் மதுரையில் கற்றால் தஞ்சாவூரிலும் பார்ப்பார், அதே மாதிரி என்றுதான். வினைமுற்றில் அஃறிணை விகுதி இருந்தும் அந்த நினைப்பைத் தடுக்கவில்லை பாருங்கள்.

வெட்டு ஒன்று

இதைத்தான் நானும் சொல்கிறேன். எல்லாமே வெறும் புள்ளியியல். "இயந்திரக் கற்றல்" என்பதே விளம்பரக்காரர்கள் கட்டிவிட்ட பெயர். அந்தச் சொல்லையே ஒழிக்க வேண்டும்.

நள்ளிரவு நிரலாளர்

பாதி சரி. பெயர் விளம்பரக்காரர் வைத்ததில்லை. ஐபிஎம்மில் இருந்த ஆர்தர் சாமுவேல், செக்கர்ஸ் என்ற பலகை விளையாட்டை ஆடும் நிரல் பற்றி 1959-இல் எழுதிய கட்டுரையில் அந்தச் சொல் வருகிறது. ஆட ஆட நிரலின் ஆட்டம் தேறியது. அதைக் கற்றல் என்றார். பொறியாளர்களுக்குள் அது குழப்பமில்லாத சொல். அதே சொல் வெளியே போனதும்தான் வீங்குகிறது. 1958-இல் பெர்செப்ட்ரான் என்ற ஆரம்பகாலக் கற்கும் நிரலின் செய்முறை காட்டப்பட்டபோது, அது செய்தது இடப்பக்கம் குறியிட்ட அட்டையையும் வலப்பக்கம் குறியிட்ட அட்டையையும் பிரித்தது. மறுநாள் நியூயார்க் டைம்ஸில் வந்ததோ, நடக்கும், பேசும், தன் இருப்பையே உணரும் கணினியின் கரு!

உள்ளே இருக்கிறவர்களும் தப்பவில்லை. ட்ரூ மெக்டெர்மட் என்ற ஆய்வாளர் 1976-இலேயே தன் கூட்டத்தைக் கிண்டல் செய்திருக்கிறார். நிரலின் ஒரு பகுதிக்கு UNDERSTAND என்று பெயர் வைத்துவிட்டால், எழுதினவனுக்கே அது புரிந்துகொள்கிறது என்ற மயக்கம் வந்துவிடும். அதை G0034 என்று மாற்றிவிட்டு, இது புரிந்துகொள்கிறது என்று உன்னாலோ மற்றவராலோ இன்னும் நம்ப முடிகிறதா பார் என்றார்.

வளவனூரான், பள்ளிச் சீட்டில் அதைச் செய்து பாருங்கள். "உங்கள் குழந்தை தடுமாறும் இடத்தை இது G0034 செய்கிறது." உடனே, "அப்படின்னா என்ன செய்யுது?" என்று கேட்கத் தோன்றும். இந்த மாதிரிச் செயலிகள் பெரும்பாலும் எந்த விடை தப்பு, எத்தனை நொடி ஆனது என்று பார்க்கும். அதே மாதிரித் தப்பு செய்த மற்ற பிள்ளைகளோடு ஒப்பிடும். உங்கள் மகள் நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால், அந்த மூன்று நிமிடமும் "பின்னத்தில் தடுமாற்றம்" என்று ஏறினாலும் ஏறும்.

கடன் கேட்டவன்

அப்போ என் கதைக்கு என்ன சொல்கிறீர்கள்? ஒரு வங்கியில் கடை விரிவாக்கத்துக்குக் கடன் கேட்டேன். பன்னிரண்டு வருடமாக அங்கேதான் கணக்கு. மேலாளர் திரையைப் பார்த்துக்கொண்டே, "சிஸ்டம் ஒத்துக்க மாட்டேங்குது சார்" என்றார். ஏன் என்றால், "அதுக்குத்தான் தெரியும்." இதுக்கு எங்கே மனு கொடுப்பது?

வெட்டு ஒன்று

நாம் பேசுவது சொல்லைப் பற்றி. உங்கள் கடனைப் பற்றி இல்லை.

எக்ஸ்ரே அறை

இல்லை, அவர் சொல்வதும் இதேதான். "ஒத்துக்க மாட்டேங்குது" என்றதும் முடிவெடுத்த ஆள் காணாமல் போய்விடுகிறார், கோபப்படக்கூட எதிரே யாரும் இல்லை. கனடாவில் இது வழக்காகவே வந்தது. பாட்டி இறந்ததற்காகப் பயணம் செய்தவரிடம், துக்கக் கட்டணச் சலுகையைப் பயணச்சீட்டு வாங்கிய பிறகும் கேட்கலாம் என்று ஏர் கனடா தளத்தின் உரையாடல் நிரல் சொல்லியிருந்தது. நிறுவனத்தின் விதி அப்படியில்லை. அந்த நிரல் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனிச் சட்ட ஆள் என்கிற மாதிரி நிறுவனம் வாதாடியது! பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதைத் தள்ளிவிட்டு, சுமார் 812 கனடா டாலர் கொடுக்கச் சொன்னது.

உங்கள் கடனுக்கு, காரணத்தை எழுத்தில் கேளுங்கள். "சிஸ்டம்" என்று எழுத்தில் கொடுக்கக் கை கூசும்.

பழைய தமிழாசிரியர்

எக்ஸ்ரே கதை என்னை யோசிக்க வைத்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் சொல்லை விலக்கிவிட்டால் மாற்று என்ன? "விடைகளையும் நொடிகளையும் ஒப்பிடுகிறது" என்று ஒவ்வொரு முறையும் எழுதினால் யார் படிப்பார்கள்? பேசுகிறவன் சுருக்கத்தான் செய்வான்.

நள்ளிரவு நிரலாளர்

பேச்சில் சுருக்குங்கள் ஐயா, நானே அலுவலகத்தில் "அது குழம்பிப்போச்சு" என்றுதான் சொல்கிறேன். காசு வாங்கும் சீட்டில் சுருக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி.

பழைய தமிழாசிரியர்

சீட்டை எழுதுகிறவனும் நாளெல்லாம் நம்மைப் போலப் பேசுகிறவன்தானே. கோட்டை எங்கே போடுவீர்கள்?

வளவனூரான்

இன்று பள்ளிக்குப் போய்க் கேட்டேன். "அது எதைப் பார்த்துப் புரிந்துகொள்கிறது?" என்றதற்கு ஒருங்கிணைப்பாளர், "அதெல்லாம் கம்பெனிக்காரங்க வந்து விளக்குவாங்க சார், சனிக்கிழமை கூட்டம் இருக்கு" என்றார். தண்ணீர் குடிக்கும் மூன்று நிமிடத்தைக் கேட்பதாக இருக்கிறேன். பணம் கட்டக் கடைசி நாள் வெள்ளிக்கிழமையாம்.