ஒரு சைபர் கூடிப்போன எண்ணிக்கை: மொத்தம் அனுப்பும் முன் எப்படிப் பிடித்தீர்கள்?

மலர்விழி
மருந்து மொத்த வியாபாரக் கடையில் கணக்கு பார்க்கிறேன். மாதக் கடைசியில் குடோனில் பையன்கள் ஒவ்வொரு ரேக்காக எண்ணித் தாளில் எழுதித் தருவார்கள், அதை எக்செல்லில் ஏற்றி விலையோடு பெருக்கி வங்கிக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் போகும். அந்தச் சரக்கு மதிப்பை வைத்துத்தான் சிசி கணக்கில் எவ்வளவு எடுக்கலாம் என்று வங்கி முடிவு செய்யும். கொள்முதல் பில் ஏற்றும்போது பயமில்லை, ஒரு சைபர் கூடினால் பில்லின் மொத்தத் தொகையோடு ஒத்துப்போகாமல் அங்கேயே தெரிந்துவிடும். எண்ணிக்கைத் தாளில் தொகையே கிடையாது. 240 பெட்டி 2400 ஆகிவிட்டால் கணினி எதுவும் கேட்காமல் பெருக்கிக்கொண்டு போய்விடும். இதை அனுப்புவதற்கு முன்னால் எப்படிப் பிடிக்கிறீர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

பழனி
மில் ஸ்டோரில் இருந்தபோது எங்கள் பழைய கணக்கர் சொல்லிக்கொடுத்தது. தாளை டைப் செய்கிறவரிடம் கொடுப்பதற்கு முன், வேறு ஒருவர் கால்குலேட்டரில் அந்தத் தாளின் எண்ணிக்கைகளை எல்லாம் கூட்டி அடியில் எழுதிவிட வேண்டும். போல்ட்டும் பெல்ட்டும் பேரிங்கும் சேர்த்துக் கூட்டினால் அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாதுதான், ஆனால் ஒத்துப்பார்க்க அது போதும். ஒரு நாள் தாளில் 3,215 என்று இருந்தது, கணினியில் 5,375 வந்தது. வித்தியாசம் 2,160. அதை 9ஆல் வகுத்தார், மீதியில்லாமல் 240 வந்தது. "2400 எங்கேயாவது இருக்கா பாருப்பா" என்றார், இருந்தது, தாளில் 240.

காரணம் எளிது. ஒரு சைபர் கூடினால் எண் பத்து மடங்கு ஆகிறது, அதாவது உள்ளதற்கு மேல் ஒன்பது மடங்கு அதிகமாகிறது. சைபர் விட்டுப்போனாலும் இதே கணக்குதான், வகுத்து வரும் எண் இந்த முறை கணினியில் தவறாக ஏறியதாக இருக்கும். 12.0 என்று இருப்பதைப் புள்ளி விழாமல் 120 என்று அடித்தாலும் இதில் மாட்டும்.

சுரேஷ்_கோவை
ஆமாம், 9ஆல் வகுபட்டால் சைபர் கூடியதுதான், வேறு யோசனையே வேண்டாம். நான் எப்போதும் இப்படித்தான் கண்டுபிடிப்பேன்.

பழனி
அப்படி முடிவு கட்டாதீர்கள் தம்பி. 36ஐ 63 என்று மாற்றி அடித்தாலும் வித்தியாசம் 27, அதுவும் 9ஆல் வகுபடும். 90 உள்ள வரி ஒன்று விட்டுப்போனாலும் வகுபடும். வகுத்து வந்த எண்ணின் பத்து மடங்கு பட்டியலில் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்தால்தான் சைபர் என்று சொல்லலாம். ஒரே தாளில் இரண்டு தவறு இருந்தால் இந்த வழி சுத்தமாகக் கைகொடுக்காது. அதனால்தான் அவர் நூறு தாளுக்கும் சேர்த்து ஒரு மொத்தம் போடாமல் தாளுக்குத் தாள் போடச் சொல்வார்.

கவிதா
எனக்கும் இதே தலைவலி! பேட்ச் நம்பர் 00457 என்று அடித்தால் எக்செல் முன்னால் இருக்கிற சைபரைத் தூக்கிவிட்டு 457 என்று காட்டுகிறது. என்ன செய்யலாம்?

மலர்விழி
அது வேறு விஷயம் கவிதா, அங்கே எண்ணிக்கை மாறுவதில்லை. அந்தப் பத்தியைத் தேர்வு செய்து, அடிக்கத் தொடங்குவதற்கு முன்பே Text என்று மாற்றிவிடுங்கள், சைபர் நிற்கும்.

பரிமளா அக்கா
மருந்துக் கடைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும், நானும் அந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். பெட்டியா அட்டையா என்கிற குழப்பம் அச்சு அசலாகச் சைபர் கூடிய மாதிரியே தெரியும், ஏனென்றால் பல மாத்திரைகள் பெட்டிக்குப் பத்து அட்டையாக வரும். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு தாளில் வித்தியாசம் 1,080 வந்தது. 9ஆல் வகுத்தால் 120, கணினியில் 1200 இருந்தது, பட்டியலில் வேறு 1200 இல்லை. உடனே அங்கிருந்த பையன் ஒரு சைபரை எடுத்துவிட்டான், மொத்தமும் ஒத்துப்போய்விட்டது, எல்லோருக்கும் திருப்தி. அடுத்த வாரம் பில் போடப் போட அந்த மருந்தின் இருப்பு மைனஸில் போகத் தொடங்கியது. எடுத்துப் பார்த்தால் எண்ணியவர் 120 பெட்டி என்று எழுதியிருக்கிறார், கணினியில் அந்தச் சரக்கின் அலகு அட்டை, டைப் செய்த பெண் சரியாகத்தான் மாற்றி 1200 என்று போட்டிருக்கிறாள். வகுத்துப் பார்ப்பது எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று மட்டும்தான் காட்டும். திருத்துவதற்குத் தாளையும் ரேக்கையும் பார்த்தே ஆக வேண்டும். எண்ணுகிற தாளிலேயே பெட்டி, அட்டை என்று தனித்தனிப் பத்தி போட்டுக் கொடுத்தால் பாதித் தொல்லை குறையும்.

இளங்கோ
எண்ணியவரே தாளில் சைபர் கூட்டி எழுதியிருந்தால் பழனி அண்ணன் வழியில் தப்பிவிடுமே, தாளும் கணினியும் ஒன்றாகத்தானே இருக்கும்? அதற்கு நான் அந்தச் சரக்கின் பழைய எண்ணிக்கைகளோடு ஒப்பிடுகிறேன். A பத்தியில் சரக்கின் பெயர், C பத்தியில் எண்ணிக்கை, பழைய மாதங்களும் அதே தாளில்:

```
=IF(C2>5*MEDIAN(IF(A$2:A$500=A$2:A2,C$2:C$500)),"பார்","")
```

பழைய எக்செல் என்றால் Ctrl+Shift+Enter அடிக்க வேண்டும்.

சராசரி வேண்டாம் என்பதற்கு ஒரு உதாரணம். ஒரு மருந்து 40, 50, 45, 60 என்று வந்து, இந்த மாதம் 50க்குப் பதில் 500 ஏறிவிட்டது. சராசரி 139, அதன் ஐந்து மடங்கு 695, ஆக 500 தப்பிவிடும், தவறான எண்ணே சராசரியை மேலே இழுத்துவிடுகிறது. நடு எண் 50, ஐந்து மடங்கு 250, மாட்டிக்கொள்ளும்.

இளங்கோ
மேலே சூத்திரத்தில் `A$2:A2` என்று விழுந்துவிட்டது, அங்கே வெறும் `A2` மட்டும் வர வேண்டும்:

```
=IF(C2>5*MEDIAN(IF(A$2:A$500=A2,C$2:C$500)),"பார்","")
```

பரிமளா அக்கா
புதுச் சரக்குக்கு இது உதவாது இல்லையா? ஒரே ஒரு எண்ணிக்கை இருந்தால் அதுவேதான் நடு எண்.

இளங்கோ
உதவாது அக்கா. இரண்டு இருந்தாலும் உதவாது, 50, 500 என்றால் நடு எண் 275. புதுச் சரக்கை நான் கொள்முதல் பில்லோடு ஒத்துப்பார்க்கிறேன், வாங்கியதே 50 பெட்டி என்றால் 500 இருக்க வழியில்லை.

தங்கராசு
நெல் வியாபாரத்தில் நாங்கள் சாக்கை எண்ணுவோம். மூட்டைக் கணக்கு 650 என்று எழுதியிருந்தால், காலிச் சாக்கு இருப்பில் 650 குறைந்திருக்க வேண்டும், அதற்குக் கணக்கு எழுதுபவர் வேறு ஆள். 6500 என்று எழுதினால் அவ்வளவு சாக்கே எங்களிடம் கிடையாது, லாரியிலும் ஏறாது.

சுரேஷ்_கோவை
இவ்வளவு எதற்கு, எக்செல்லில் Data Validation போட்டு 1000க்கு மேல் ஏற்றவே விடாமல் செய்துவிடலாமே?

மலர்விழி
போட்டுப் பார்த்தோம் சுரேஷ். Stop வைத்தால் மழைக்காலத்தில் காய்ச்சல் மாத்திரை உண்மையிலேயே 1500 பெட்டி இருக்கும்போது ஏற்ற முடியாமல் நிற்கிறது. Warning வைத்தால் நாலாவது தடவைக்கு மேல் படிக்காமலே Yes அழுத்திவிடுகிறார்கள். வேறு தாளில் இருந்து காப்பி செய்து ஒட்டினால் அது கேட்கவே கேட்காது.

பழனி
சரக்குக்குச் சரக்கு வேறு வரம்பு வைத்தால்?

மலர்விழி
நாலாயிரம் சரக்கு இருக்கிறது அண்ணா, வரம்பை யார் போடுவது, சீசனுக்குச் சீசன் யார் மாற்றுவது என்பதில்தான் எங்கள் முதலாளியோடு பேச்சு நிற்கிறது. இந்த மாதம் தாளுக்கு அடியில் மொத்தம் எழுதுவதையும், பெட்டி அட்டை தனிப் பத்தியையும் தொடங்குகிறோம். இளங்கோவின் சூத்திரத்தில் 500 என்பதை எங்கள் கடைசி வரி எண்ணாக மாற்றிப் பழைய ஆறு மாதத்துக்கு ஓட்டிப் பார்க்கப் போகிறேன். அதில் "பார்" என்று வருகிற வரிகளில் எத்தனை உண்மையான பெரிய இருப்பு என்று தெரிந்தால், ஐந்து மடங்கு போதுமா, ஏழாக்க வேண்டுமா என்று முடிவு செய்யலாம்.