கல்லடிச் சொந்தங்கள் குழு: முடிஞ்ச கிளாசுக்கு இன்னும் காசு வெட்டுது

மலர் மாமி: புள்ளையள், வினோவுக்கு எடுத்த இங்கிலீஷ் கிளாஸ் ஆப் தை மாசத்தோட முடிஞ்சிது. போனில இருந்தும் அழிச்சிட்டன். இண்டைக்கும் 3,100 சொச்சம் வெட்டின மெசேஜ் வந்திருக்கு. இதோட மூணு மாசம், மூணு தரமும் வேற வேற தொகை. ஓடிபியும் வரல்ல. ஆரும் கார்ட்டக் களவெடுத்திட்டானா?

கஜன்: உடன பேங்குக்கு அடிச்சி புளொக் பண்ணுங்க மாமி. புதுக் கார்ட் எடுத்தா நிண்டிடும்.

சுகந்தி அக்கா: இது களவில்ல மாமி. முதல் தரம் ஓடிபி போட்டீங்கதானே, அதோட மாசாமாசம் எடுக்கச் சம்மதம் குடுத்த கணக்கு. மறுகா கம்பனிதான் கேட்டு எடுக்குது, அதால ஓடிபி வராது. விலை டொலரில, அதான் தொகை கூடிக் குறையுது.
கஜன், சில பேங்க் விசா, மாஸ்டர்கார்ட் ஊடாப் புது நம்பரக் கம்பனிக்கே குடுத்திடும். நான் வேலை செய்யிற பேங்க் கிளையில ஒராளுக்குப் புதுக் கார்ட்டிலயும் வெட்டினது.

கஜன்: எனக்கு நிண்டிச்சே அக்கா.

சுகந்தி அக்கா: எல்லாப் பேங்கும் அப்பிடிக் குடுக்கிறதில்ல. அத நம்பி இருக்கேலா.

ரவி மாமா: எனக்கும் காப்புறுதிக்கு மாசம் வெட்டுறாங்க, அதையும் நிப்பாட்டலாமா?

சுகந்தி அக்கா: அது நீங்க பேங்குக்குக் குடுத்த ஸ்டாண்டிங் ஓடர் மாமா. கிளைக்குப் போய் எழுதிக் குடுத்தா நிக்கும். காப்புறுதி வேணுமா வேணாமா எண்டு முதல் யோசிங்க.
மாமி, பிளே ஸ்டோரில உங்கட படத்த அமத்தி Payments & subscriptions, அதுக்குள்ள Subscriptions பாருங்க.

மலர் மாமி: பார்த்தன், ஒண்டுமில்ல.

சுகந்தி அக்கா: அப்ப அவங்கட வெப்சைட்டிலதான் கட்டியிருக்கிறீங்க. அங்க உள்ளிட்டு கான்சல் பண்ணணும். ஏலாட்டி இமெயில் எழுதுங்க, திகதியோட ஸ்கிரீன்ஷொட் வைங்க. பிறகும் வெட்டினா பேங்கில டிஸ்பியூட் போம் நிரப்பிக் காசு திருப்பிக் கேக்கலாம்.

மலர் மாமி: ஏற்கனவே போன மூணு மாசக் காசு?

சுகந்தி அக்கா: கிளாஸ நிப்பாட்டினது ஆரு? நீங்களா, அவங்களா? நீங்களெண்டா கஷ்டம், ஆப்ப அழிக்கிறது கான்சல் இல்ல. அவங்களே மூடியிருந்தா, தராத சேவைக்கு எடுத்த காசு எண்டு மூணையும் கேக்கலாம். ஒவ்வொரு வெட்டுக்கும் காசு திருப்பிக் கேக்கத் தனித்தனிக் கடைசி நாள் இருக்கு, அதால பிந்தாதீங்க. பேங்க் கவனிக்காட்டி மத்திய வங்கி 1935க்கு அடிங்க.

மலர் மாமி: வகுப்பு இனி இல்லயெண்டு அவங்க ஒரு மெயில் அனுப்பினதா வினோ சொன்ன ஞாபகம்.

கஜன்: அந்த மெயில்தான் மாமி முக்கியம்! அழிச்சிருந்தா ட்ராஷ்லயும் தேடச் சொல்லுங்க.

சுகந்தி அக்கா: ஓம், ஆனா ட்ராஷ்ல 30 நாள்தான் நிக்கும்.

மலர் மாமி: அவ கெம்பஸில, பின்னேரம்தான் போன் எடுப்பா. கேட்டுட்டுச் சொல்றன்.